‘ஆசீர்வாதம்’ என்ற சொல்லை முதலில் வெட்டுங்கள்

“நான் இணுவிலைச் சேர்ந்தவள், வயது 31. மேற்படிப்புக்காக நோர்வே வந்து, இப்போது பேர்கன் நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நான்கு வருடமாக ஒரு நோர்வேக்காரரை விரும்புகிறேன். அவருக்கு 36 வயது. முன்பு ஒரு கலியாணம் நடந்து விவாகரத்தாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. எங்கள் அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். அம்மா ஆசிரியையாக இருந்தவர். கலியாணமாகாத தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். அம்மாவுக்கு மட்டும் போனில் சொன்னேன். அழுதுவிட்டு, அப்பாவிடம் நீயே சொல் என்றார். இப்போது நான் விரும்புகிறவர் தானே அப்பா அம்மாவுக்குக் கடிதம் எழுதி ஆசீர்வாதம் கேட்கப்போகிறார். ஆங்கிலத்தில் எழுதியதை நான் தமிழாக்கினேன். இரண்டையும் இணைத்திருக்கிறேன். தமிழ் சரியா என்று பார்த்துச் சொல்வீர்களா? விவாகரத்தைப் பற்றி எழுதவேண்டாம் என்று கனடாவில் இருக்கும் அண்ணா சொல்கிறார். எழுதத்தான் வேண்டுமா?”

— வாசகி, பேர்கன்

தங்கச்சி, இரண்டு கடிதங்களையும் மூன்று முறை வாசித்தேன். உங்கள் தமிழில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் இதை இப்படியே அனுப்பினால், அப்பா இரண்டாவது பந்தியோடு மடித்து வைத்துவிடுவார் என்று பயப்படுகிறேன். சிக்கல் தமிழில் இல்லை, மூலக் கடிதத்தில் இருக்கிறது. அங்கே திருத்தாமல் இங்கே திருத்த முடியாது.

நான் யாழ்ப்பாணத்தில் 24 வருடமாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பெரும்பாலும் பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம், காணி உறுதி. இடைக்கிடை உங்களுடையதைப் போன்ற கடிதங்களும் வரும். அப்படி முதலில் வந்த கடிதம் ஒரு ஜேர்மன்காரர் எழுதியது. அதில் உங்கள் ஆசீர்வாதத்தைக் கேட்கிறேன் என்று இருந்தது. நானும் சொல்லுக்குச் சொல் அப்படியே எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளையின் தகப்பன் அதே தாளோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கதிரையில் இருந்து, தாளை மேசையில் விரித்து, ‘ஆசீர்வாதம்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். “தம்பி, இவர் என்னைக் கேட்கிறாரா, எனக்குச் சொல்கிறாரா?” என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி.

ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் இரண்டு வேலை செய்கிறது. பெற்றோரின் சம்மதத்தையும் அதுதான் கேட்கிறது, வாழ்த்தையும் அதுதான் கேட்கிறது. அங்கே பிள்ளைகள் தாங்களே முடிவெடுத்து, பெற்றோர் மனம் நோகாமல் இருக்க இப்படிக் கேட்பது மரியாதை. எங்களிடம் இவை இரண்டும் வேறு வேறு நாளில் நடப்பவை. சம்மதம் என்பது வீட்டுக்குள் இருந்து, பேசி, விசாரித்து, பெரியவர்கள் கூடிச் சொல்வது. ஆசீர்வாதம் என்பது தாலி கட்டிய பிறகு, பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அறுகரிசி போடுவது. கடிதத்தின் முதல் பந்தியிலேயே ஆசீர்வாதம் கேட்டால், ‘எல்லாம் முடிந்துவிட்டது, நீங்கள் அறுகரிசி போட வந்தால் போதும்’ என்றுதான் அப்பாவின் காதில் விழும். உங்கள் அவர் அப்படி நினைத்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். வாசிக்கப்போகிறவருக்கு அது தெரியாது.

அதனால் அந்தச் சொல்லை இரண்டு கடிதத்திலும் வெட்டுங்கள். ஆங்கிலத்திலும் வெட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் இல்லாததைச் சேர்க்க முடியாது, இருப்பதை மெதுவாக்கவும் முடியாது. அதைவிட முக்கியமான காரணம் உங்கள் அப்பா. தபாலதிபராக இருந்தவர் ஆங்கிலக் கடிதத்தைத் தானே வாசிப்பார். தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் வேறொன்றுமாக இருந்தால், இடையில் நீங்கள் கைவைத்திருக்கிறீர்கள் என்று உடனே பிடித்துவிடுவார். பிறகு மற்ற வரிகள் எல்லாமே சந்தேகத்தோடுதான் வாசிக்கப்படும்.

இதே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன், மொழிபெயர்ப்பை நீங்கள் செய்யாதீர்கள். உங்கள் வசனம் எப்படிப் போகும் என்று அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்கு எழுதப் படிப்பித்ததே அவர்தானே. அந்த நோர்வேக்காரர் பேசுவது போல அவருக்குக் கேட்காது, மகளே தனக்காக வக்காலத்து வாங்குவது போலக் கேட்கும். அவர் ஆங்கிலத்தில் தன் கையால் எழுதட்டும். தமிழ் வேறொருவரால் செய்யப்பட்டு, செய்தவரின் பெயரோடு கூட இருக்கட்டும்.

இனி உங்கள் தமிழில் என்னை நிறுத்திய இடங்கள். “அவள் எனக்கு எல்லாமாக இருக்கிறாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பின் தெரியாத ஆண் ஒருவன் தன் மகளை ‘அவள்’ என்று எழுதுவதை ஒரு தகப்பன் வாசிக்கப்போகிறார். ஆங்கிலத்தில் பெண்ணைக் குறிக்க இருப்பது ஒரே சொல். தமிழில் நாங்கள் தெரிந்தெடுத்தாக வேண்டும். ‘அவள்’ என்று போட்டவுடன் நான்கு வருடத்து நெருக்கம் முழுக்க அந்த மூன்று எழுத்தில் வந்து நிற்கிறது. கடிதம் முழுவதும் ‘உங்கள் மகள்’, ‘அவர்’ என்றே போகட்டும். வினையும் ‘சொன்னார்’, ‘விரும்புகிறார்’ என்று முடியட்டும். வீட்டில் உங்களைக் கூப்பிடும் செல்லப்பெயர் ஒரு இடத்தில் வருகிறது. அதை எடுத்துவிடுங்கள், அது அந்த வீட்டுக்குச் சொந்தமான பெயர்.

“நாங்கள்” என்ற சொல் உங்கள் கடிதத்தில் பதினோரு இடத்தில் வருகிறது. “நாங்கள் முடிவெடுத்திருக்கிறோம்”, “நாங்கள் அடுத்த வருடம் கலியாணம் செய்ய நினைக்கிறோம்”. தமிழில் ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் அதற்குள் இல்லை. ஒவ்வொரு முறையும் அப்பாவையும் அம்மாவையும் வெளியில் நிறுத்திக் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறது. அவர் எழுதும் கடிதம் அவருடைய கடிதம், அதனால் ‘நான்’ என்று எழுதட்டும். ‘நான் விரும்புகிறேன், நான் கேட்கிறேன்.’ அப்படிச் சொல்லும்போது பொறுப்பும் அவர் தலையில் நிற்கும். மாப்பிள்ளையாக வர நினைப்பவர் பொறுப்பெடுப்பதைப் பார்க்கத்தான் அப்பாவும் விரும்புவார்.

விளிக்கும்போது “அன்புள்ள மாமா, மாமி” என்று போட்டிருக்கிறீர்கள். மாமா, மாமி என்பது கலியாணத்துக்குப் பிறகு வரும் உரிமை. முதல் கடிதத்திலேயே எடுத்துக்கொண்டால் கேட்காமல் உள்ளே வந்து கதிரையில் இருந்த மாதிரி ஆகிவிடும். அங்கிள், அன்ரி என்பது பேச்சில் சரி, இந்தக் கடிதத்துக்கு இலேசாக இருக்கும். ‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும்’ என்று எழுதினால் போதும். மாமி என்று கூப்பிடச் சொல்லி அம்மாவே ஒருநாள் சொல்வார்.

சரி, இந்தக் கடிதத்தில் என்ன இல்லை என்று பார்ப்போம். இரண்டு பக்கம் முழுவதும் அன்பைப் பற்றி இருக்கிறது. அவருடைய தாய் தகப்பனைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் ஊரில் ஒரு சம்பந்தம் வந்தால் முதலில் எழும் கேள்வி “ஆக்கள் ஆர்?” என்பதுதான். அதற்குள் சாதியும் ஒளிந்திருக்கிறது என்பதை நான் மறைக்க மாட்டேன். வெளிநாட்டுக்காரர் என்றால் அந்தக் கணக்கு ஓடாது, ஆனால் கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். இவனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? நாளைக்கு ஏதும் பிரச்சினை என்றால் யாரிடம் போய்ப் பேசுவது? இதற்குப் பதில் இல்லாத கடிதம், எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், தனியாள் எழுதிய கடிதமாகத்தான் இருக்கும். தாய் தகப்பன் என்ன செய்கிறார்கள், எந்த ஊர், கூடப்பிறந்தவர்கள் யார் என்று ஒரு முழுப் பந்தி வேண்டும். அவர்களுடைய விலாசமும் தொலைபேசி இலக்கமும் வேண்டும். நோர்வேயில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்பா எப்படியும் யாரையாவது பிடித்து விசாரிப்பார். விசாரிக்கும் வழியைக் கடிதம் எழுதுபவரே திறந்து கொடுத்தால் அது கௌரவம்.

விவாகரத்து விடயத்தில் அண்ணா சொல்வதை நான் ஏற்கவில்லை. கட்டாயம் எழுத வேண்டும், அதுவும் இந்த முதல் கடிதத்திலேயே. உங்கள் கலியாணம் இங்கே பதிவாவதானால், கலியாண எழுத்துக்கு முன் பதிவாளரிடம் கொடுக்கும் அறிவித்தலிலேயே மணமகன் இதற்கு முன் மணமாகாதவரா, மனைவியை இழந்தவரா, விவாகரத்துப் பெற்றவரா என்று எழுதவேண்டிய இடம் இருக்கிறது. விவாகப் பத்திரத்திலும் அது வரும். நான் மாதம் பத்துப் பன்னிரண்டு விவாகப் பத்திரம் மொழிபெயர்க்கிறேன், அந்தக் கட்டத்தை ஒருநாளும் வெறுமையாகக் கண்டதில்லை. எழுத்து நாளன்று, கூடத்தில் சொந்தக்காரர் நிற்க, சாட்சிக்குக் கையெழுத்து வைக்கக் குனியும் உங்கள் பெரியப்பாவின் கண்ணில் அந்தச் சொல் முதன்முதலாகப் படக்கூடாது.

எழுதும்போது நீட்டாதீர்கள். முதல் மனைவியைக் குறைசொல்லும் வரி ஒன்றுகூட வேண்டாம், அதை வாசிக்கும் தாய்க்கு ‘நாளைக்கு என் பிள்ளையைப் பற்றியும் இப்படித்தானே எழுதுவான்’ என்று தோன்றும். வயதுகளை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். அவருக்கு விவாகரத்தானது 30 வயதில் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. இப்போது 36. உங்களை அறிந்தது நான்கு வருடமாக. அப்பா இதை விரல் மடித்துக் கணக்குப் பார்ப்பார். அந்தக் கலியாணம் முறிந்ததற்கு மகள் காரணமில்லை என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும். நீங்கள் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருப்பதைப் பற்றியும் அவருடைய கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்வேன். மறைக்கச் சொல்லவில்லை. அது மகள் தாய்க்குத் தன் வாயால் சொல்ல வேண்டிய விடயம், ஓர் அந்நிய ஆணின் எழுத்தில் தகப்பன் வாசிக்க வேண்டியதல்ல. கடிதம் போய்ச் சேருவதற்கு முன் அம்மாவோடு பேசிவிடுங்கள். இன்னொரு முறை அழுவார். அழட்டும், நீங்கள் போனை வைக்காமல் இருங்கள்.

அடுத்தது சீதனம். “எனக்குச் சீதன முறையில் நம்பிக்கை இல்லை” என்று அவர் எழுதியிருக்கிறார். நல்ல மனத்தோடு எழுதியது. ஆனால் ஒரு யாழ்ப்பாணத் தகப்பனுக்கு மகளின் பெயரில் வீடு எழுதுவது கொள்ளை கேட்டவனுக்குக் கொடுப்பது அல்ல. அவர் முப்பது வருடம் சேவிங்சில் போட்டு, கல் கல்லாகக் கட்டியது அது. அதை நம்பவில்லை என்று சொன்னால், அந்த உழைப்பையே வேண்டாம் என்று தள்ளின மாதிரி ஆகிவிடும். கொள்கையை எழுதவேண்டாம். ‘எனக்கு எதிர்பார்ப்பு இல்லை, உங்கள் முடிவு உங்களுடையது’ என்று மட்டும் எழுதுங்கள்.

இந்த இடத்தில் அப்பாவுக்கு இன்னொரு பயமும் இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். வீடு வளவு வெளிநாட்டுக்காரன் கைக்குப் போய்விடுமோ என்ற பயம். சட்டம் சொல்வது நேர்மாறானது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆணை மணந்தால், அந்த மணவாழ்வு இருக்கும் வரை அவளுக்குத் தேசவழமை பொருந்தாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தில் இது இருக்கிறது. தேசவழமைக்குள் கலியாணம் செய்த பெண் தன் சொந்தக் காணியை விற்பதானாலும் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு வராது, உங்கள் பெயரில் இருப்பதை நீங்களே ஆளலாம். இதைக் கடிதத்தில் எழுதவேண்டாம், சட்டம் பேசுகிறான் என்று ஆகிவிடும். பேச்சு வரும்போது, அப்பாவுக்குப் பழக்கமான நொத்தாரிசு ஒருவரே அவருக்கு விளங்கப்படுத்தட்டும்.

இவ்வளவும் சேர்த்து, உங்கள் குறிப்பில் உள்ள விவரங்களை வைத்து ஒரு கடிதத்தை எழுதிப்பார்த்தேன். இதைப் பார்த்து அவர் முதலில் ஆங்கிலத்தில் தன் சொல்லிலேயே எழுதட்டும், பிறகு தமிழாக்கலாம்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும்,

வணக்கம். என் பெயர் ……. வயது 36. பேர்கன் நகரில் கப்பல் திருத்தும் நிறுவனம் ஒன்றில் பொறியியலாளராக வேலை செய்கிறேன். நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அப்படியிருக்க நேரடியாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அப்பா பேர்கனுக்கு வடக்கே ஒரு தீவில் மீன்பிடிப் படகு வைத்திருந்தவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். அம்மா அதே ஊர்ப் பாடசாலையில் ஆசிரியையாக இருந்தவர். எனக்கு ஒரு தங்கை. அவர் மணமாகி, இரண்டு பிள்ளைகளோடு பெற்றோருக்குப் பக்கத்தில் இருக்கிறார். நாங்கள் லூதரன் திருச்சபையைச் சேர்ந்த குடும்பம்.

உங்கள் மகள் …… அவர்களை நான்கு வருடமாக அறிவேன். அவரைத் திருமணம் செய்ய விரும்புகிறேன். அவரும் விரும்புகிறார். உங்கள் சம்மதம் இல்லாமல் இந்த விடயத்தை மேலே கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. அவர் தன் சைவ சமயத்திலேயே இருப்பார். அதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

ஒரு விடயத்தை நீங்கள் என்னிடமிருந்தே அறிய வேண்டும். எனக்கு 27 வயதில் ஒரு திருமணம் நடந்தது. 30 வயதில் சட்டப்படி விவாகரத்தானது. பிள்ளைகள் இல்லை. நீங்கள் கேட்டால் அந்தப் பத்திரத்தின் பிரதியை அனுப்புவேன்.

உங்கள் வீடு, காணி பற்றி எனக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை. அவற்றைப் பற்றிய முடிவு உங்களுடையது.

தை மாதத்தில் என் பெற்றோருடன் யாழ்ப்பாணம் வந்து உங்களைச் சந்திக்க விரும்புகிறேன். நாங்கள் வரலாமா? யோசிக்கவும் விசாரிக்கவும் வேண்டிய காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் பெற்றோரின் விலாசமும் தொலைபேசி இலக்கமும் பின்பக்கத்தில் இருக்கின்றன.

மரியாதையுடன்,
……

இதில் நடுவில் வரும் ஒரு வரியை இருவரும் இருந்து பேசிவிட்டு எழுதுங்கள். “உங்கள் சம்மதம் இல்லாமல் மேலே கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை” என்ற வரி. அது உண்மையாக இருந்தால் மட்டுமே இருக்கவேண்டும். அப்பா மறுத்தாலும் அடுத்த வருடம் பேர்கனில் பதிவு செய்வதாக ஏற்கெனவே முடிவெடுத்திருந்தால், அந்த வரியை எடுத்துவிட்டு, “உங்கள் சம்மதம் எனக்கு மிகவும் பெரியது” என்று மட்டும் எழுதுங்கள். கொடுத்த வாக்கைப் பிறகு மீறுவதைவிட, கொடுக்காமல் இருப்பது நல்லது.

கடிதம் கடைசியில் கேட்பது ஒன்றே ஒன்று, அதையும் கவனியுங்கள். மகளைத் தாருங்கள் என்று அது கேட்கவில்லை, நாங்கள் வரலாமா என்று கேட்கிறது. மகளைத் தாருங்கள் என்ற கேள்விக்கு, முகம் பார்க்காத ஒருவருக்கு, எந்தத் தகப்பனாலும் ஓம் என்று எழுத முடியாது. வரலாமா என்ற கேள்விக்கு முடியும். அதற்கு ஓம் சொன்னதால் கலியாணத்துக்கு ஓம் சொன்னதாக ஆகிவிடாது என்பதும் அவருக்குத் தெரியும். அந்த இடைவெளிதான் அவரைப் பேச வைக்கும். தாய் தகப்பனோடு வருவதுதான் எங்கள் ஊரில் பெண் கேட்டு வருவது. தனியாக வந்தால் அது விருந்தாளி வருகை.

தை என்று போட்டதற்கும் காரணம் இருக்கிறது. ஆடியில் இந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு வரலாமே என்று அவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த 25 நாளும் உங்கள் வீட்டில் வெளிநாட்டுச் சொந்தக்காரர் நிறைந்திருப்பார்கள். அப்பா ஒரு நிமிடம் தனியாக யோசிக்க முடியாது. ஒவ்வொருவரும் ஒரு கருத்துச் சொல்வார்கள், பிறகு அவர் தன் மனத்தில் உள்ளதைச் சொல்லமாட்டார், சபைக்கு ஏற்றதைத்தான் சொல்வார்.

தாள் வெள்ளையாக, கோடில்லாமல் இருக்கட்டும். உங்கள் பிரதியில் மேலே பிள்ளையார் சுழி போட்டிருக்கிறீர்கள். அதை அவர் கடிதத்தில் போடவேண்டாம். அவருக்கு அது பழக்கமில்லை என்று அப்பாவுக்குத் தெரியும், யார் கை அது என்றும் தெரியும். உறையின் மூலையில் மஞ்சள் பூசுவதாகவும் சொல்லியிருந்தீர்கள். மஞ்சள் பூசிய உறை கலியாணம் நிச்சயமான வீட்டிலிருந்து வருவது. இப்போது பூசினால் மறுபடியும் ‘ஆசீர்வாதம்’ என்ற இடத்துக்கே போய் நிற்போம்.

அனுப்புவதானால் தபாலில் அனுப்பாதீர்கள். அப்பாவின் பழைய தபாற்கந்தோரில் இன்றும் அவரைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். நோர்வே முத்திரையோடு ஆண் கையெழுத்தில் வந்த உறையை அவர்கள் மறக்கமாட்டார்கள். கோப்பாயில் தாய்மாமா இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவோடு பேசிய பிறகு மாமாவுக்குச் சொல்லி, ஒட்டிய உறையை அவர் கையில் கொடுத்து விடுங்கள். அவர் அதைத் திறக்கக்கூடாது. அப்பாவுக்கு முன் வேறொருவர் வாசித்துவிட்டார் என்று தெரிந்தால் அதுவே பெரிய குறை. மாமா போய், தேத்தண்ணி குடித்து, உறையைக் கொடுத்து, ‘அத்தான், பிறகு ஆறுதலாய் வாசியுங்கோ’ என்று சொல்லிவிட்டு எழும்ப வேண்டும். பக்கத்தில் இருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

பதில் எழுத்தில் வராது. இரண்டு மூன்று வாரம் ஒன்றும் வராமலும் இருக்கலாம். அதை மறுப்பு என்று எடுக்காதீர்கள், அவர் விசாரித்துக்கொண்டிருப்பார். முதல் அசைவு அம்மா மூலமாக வரும், அதுவும் நேராக வராது. ‘அந்தப் பிள்ளை இறைச்சி நெடுகச் சாப்பிடுமோ?’ என்று கேட்டால் வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. பிறந்த நேரம் கேட்டால் இன்னும் நல்லது, சாதகம் எழுதுவிக்கப் போகிறார்கள். பிறந்த திகதி, நேரம், ஊர் மூன்றையும் அவருடைய தாயிடம் இப்போதே கேட்டுக் குறித்து வைத்திருங்கள். கேட்டால் அன்றே கொடுங்கள், கேட்காமல் கொடுக்காதீர்கள். பிறகு ‘பொருத்தம் இல்லையாம்’ என்று ஒரு பதில் வந்தால், அது சாத்திரியின் முடிவாகவும் இருக்கலாம், மனம் வராத தகப்பன் யாரையும் நோகடிக்காமல் சொல்லும் மறுப்பாகவும் இருக்கலாம். எது என்று அறிய ஒரு வழி உண்டு. வேறு சாத்திரியிடம் காட்டலாமா என்று மாமாவைக் கொண்டு கேட்கவையுங்கள். சரி என்றால் அது சாதகம். பேச்சை மாற்றினால் அது மனம். மனம் என்றால் அடுத்ததாகச் செய்ய வேண்டியது இன்னொரு கடிதம் அல்ல. நீங்கள் தனியாக ஒருமுறை ஊருக்கு வந்து, அப்பாவோடு இருந்து பேசுவது.

தங்கச்சியை மறந்துவிடாதீர்கள். ‘மூத்தவள் வெள்ளைக்காரனைக் கட்டினால் இளையவளுக்கு யார் வருவார்கள்?’ என்ற கேள்வி அப்பாவை இரவில் நித்திரை கொள்ள விடாது. அதற்குக் கடிதத்தில் பதில் இல்லை. ஆனால் இந்தச் செய்தி ஊர் வாயால் வருவதற்கு முன் உங்கள் வாயால் அவளுக்குப் போகவேண்டும். அவள்தான் நாளைக்கு அந்த வீட்டுக்குள் இருந்து உங்களுக்காகப் பேசக்கூடிய ஆள். அவளுக்கு ஏற்கெனவே ஏதும் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தால், அது ஒரு முடிவுக்கு வரும்வரை இந்த உறையை மாமாவிடம் கொடுக்காமல் பொறுத்திருக்க முடியுமா என்று அவளிடமே கேளுங்கள்.

அவருக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ஆங்கிலக் கடிதத்தின் மேலே, ‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும், வணக்கம்’ என்பதை மட்டும் தன் கையால் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை, நீங்கள் திருத்தவேண்டாம். ‘ற்’றில் புள்ளி விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அம்மா ஆசிரியை. எழுதி முடித்ததும் ஆங்கிலப் பிரதியை எனக்கு அனுப்புங்கள்.